ஆப்ஷன் ரிஸ்க் கிராஃப்: இன்றைய கோடும் எக்ஸ்பைரி கோடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரிஸ்க் கிராஃப்பில் ஒரு கோடு முறிந்து முறிந்து போகிறது, இன்னொன்று வளைந்து போகிறது. இதில் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு நாளைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான். படுக்கை அச்சில் இருப்பது சந்தையின் விலை. நிஃப்டி ஆப்ஷன் என்றால் நிஃப்டியின் மட்டம். நேர் அச்சில் இருப்பது உங்கள் லாப நஷ்டம். முறிந்து போகும் கோடு, எக்ஸ்பைரி நாளன்று நிஃப்டி எங்கே முடிந்தால் கையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்கிறது. வளைந்த கோடு, நிஃப்டி இந்த நிமிடமே அந்த மட்டத்துக்குப் போனால் எவ்வளவு காட்டும் என்று சொல்கிறது. திரையில் பெரும்பாலும் இதற்கு T+0 என்று பெயர் இருக்கும்.

முதல் கோடு வெறும் கூட்டல் கழித்தல். எக்ஸ்பைரி நாளில் ஒரு கால் ஆப்ஷனின் மதிப்பு, நிஃப்டி ஸ்ட்ரைக்கைத் தாண்டி எவ்வளவு நிற்கிறதோ அதுதான்; தாண்டவில்லையென்றால் பூஜ்யம். இரண்டாவது கோட்டில் ஒரு கணிப்பு ஒளிந்திருக்கிறது. மீதமுள்ள நாட்களுக்கும் ஐ.வி.க்கும், அதாவது சந்தை எதிர்பார்க்கும் ஆட்டத்துக்கும், ஒரு மதிப்பைப் போட்டுத்தான் அதை வரைய முடியும். ஐ.வி. தப்பாக இருந்தால் கோடும் தப்பு.

எண்களோடு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

ஒரு புல் கால் ஸ்ப்ரெட்டை எடுத்துக்கொள்வோம். நிஃப்டி 25000. எக்ஸ்பைரிக்கு 28 நாள் இருக்கிறது. ஐ.வி. 13 சதவீதம். 25000 காலை 359-க்கு வாங்கி, 25500 காலை 166-க்கு விற்கிறீர்கள். கையைவிட்டுப் போனது 193 புள்ளி.

எக்ஸ்பைரி கணக்கு சுலபம். நிஃப்டி 25000-லோ அதற்குக் கீழேயோ முடிந்தால் 193-ம் போச்சு. 25500-லோ அதற்கு மேலேயோ முடிந்தால் ஸ்ப்ரெட்டின் மதிப்பு 500. அதில் 193 போக 307 லாபம். பிரேக் ஈவன் 25193.

இந்தப் பக்கத்தில் உள்ள விலைகளை பிளாக்-ஷோல்ஸ் முறையில், வட்டி பூஜ்யம் என்றும் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே ஐ.வி. என்றும் வைத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் திரையில் எண்கள் கொஞ்சம் மாறும், கோடுகளின் போக்கு மாறாது. எல்லாம் ஒரு யூனிட்டுக்கான புள்ளிகள். ரூபாய் வேண்டுமானால் லாட் அளவால் பெருக்கிக்கொள்ளுங்கள். லாட் அளவை மட்டும் அவ்வப்போது சரிபாருங்கள். 2024 என்ற ஒரே ஆண்டில் நிஃப்டி லாட் 50-லிருந்து 25 ஆகி, பிறகு 75 ஆனது.

ஸ்ப்ரெட் போட்டேன். நிஃப்டி சர்ரென்று ஏறி, நான் விற்ற ஸ்ட்ரைக்குக்கே வந்துவிட்டது. கிராஃப் 307 என்கிறது, என் கணக்கில் 107-தான் இருக்கிறது. மீதி 200 எங்கே?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். மீதி 200 எங்கும் தொலையவில்லை, இன்னும் உங்களுக்குச் சொந்தமாகவில்லை.

ஸ்ப்ரெட் போட்ட அன்றே நிஃப்டி 25500-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கிய 25000 காலின் விலை இப்போது 666. அதில் 500 உள்ளார்ந்த மதிப்பு, 166 காலத்துக்கான மதிப்பு. நீங்கள் விற்ற 25500 காலின் விலை 366. அதில் உள்ளார்ந்த மதிப்பு ஒரு பைசாகூட இல்லை, முழுக்கக் காலத்துக்கான மதிப்புதான். இப்போது வெளியேறினால் 666-ஐ வாங்கிக்கொண்டு 366-ஐக் கொடுக்க வேண்டும். கையில் நிற்பது 300. போட்ட 193 போக 107.

நாள் போகப்போக என்ன ஆகும்? நிஃப்டி அங்கேயே நின்றால், நீங்கள் கடன்பட்டிருக்கும் 366 கரைந்து பூஜ்யமாகும். உங்களிடமுள்ள 166-ம் கூடவே கரையும். வித்தியாசம் 200. இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும் இடைவெளி இதுதான். சந்தை உங்களுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பதற்குக் காரணமும் உண்டு. 28 நாளில் நிஃப்டி திரும்ப 25000-க்கு இறங்க நிறைய நேரம் இருக்கிறது.

இந்த இடைவெளி ஒரே வேகத்தில் மூடாது. கீழே உள்ளது அதே ஸ்ப்ரெட், ஐ.வி.யும் மாறவில்லை:

| நிஃப்டி | இன்று | 14 நாள் மீதி | 3 நாள் மீதி | எக்ஸ்பைரி |
|---|---|---|---|---|
| 25500 | +107 | +129 | +193 | +307 |
| 25000 | 0 | −20 | −81 | −193 |
| 24500 | −93 | −132 | −188 | −193 |

முதல் வரியைப் பாருங்கள். முதல் 14 நாளில் வெறும் 22 புள்ளி. அடுத்த 11 நாளில் 64. கடைசி 3 நாளில் 114. விற்ற ஸ்ட்ரைக்கிலேயே நிஃப்டி நிற்கும்போது இப்படித்தான் இருக்கும். எக்ஸ்பைரி கோட்டின் அந்த முனைக்கு இன்றைய கோடு கடைசி நிமிடம்வரை வந்து சேராது. 26000 போல மேலே தாண்டிப் போய்விட்டால் நிலைமை கொஞ்சம் மேல், ஆனால் முதல் நாளில் அங்கேயும் 199-தான் கிடைக்கும்.

இரண்டு கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அந்தப் புள்ளிக்கு அர்த்தம் ஏதாவது உண்டா?

உண்டு. கிராஃப்பில் முதலில் நான் தேடுவதே அதைத்தான். நம் உதாரணத்தில் அது 25250-ஐ ஒட்டி, அதாவது இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் ஏறத்தாழ நட்ட நடுவில் இருக்கிறது. அங்கே இன்றைய லாபம் சுமார் 54, எக்ஸ்பைரி லாபம் 57. நாள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தப் புள்ளிக்கு இடதுபுறம் இன்றைய கோடு மேலே, எக்ஸ்பைரி கோடு கீழே. நிஃப்டி அங்கே இருக்கும்வரை ஒவ்வொரு நாளும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வலதுபுறம் எக்ஸ்பைரி கோடு மேலே, நாள் உங்களுக்குக் கொடுக்கிறது. தீட்டா என்று ஒரு எண்ணைத் தனியாகக் காட்டுவார்கள். எந்தக் கோடு மேலே இருக்கிறது என்று பார்த்தாலே அது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது தெரிந்துவிடும்.

ஸ்ப்ரெட் என்றால் ‘தீட்டா பிரச்சினை இல்லை’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. நிஃப்டி நீங்கள் வாங்கிய ஸ்ட்ரைக்கிலேயே படுத்துக்கொண்டால் பிரச்சினை இருக்கத்தான் செய்கிறது. மேலே உள்ள அட்டவணையின் இரண்டாவது வரி அதுதான்.

பிரேக் ஈவன் 25193 என்று போட்டிருக்கிறது. நிஃப்டி 25100-ல் இருக்கும்போதே எனக்கு லாபம் காட்டுகிறதே?

போட்டிருப்பது எக்ஸ்பைரி கோட்டின் பிரேக் ஈவன். இன்றைய கோட்டுக்கு வேறு பிரேக் ஈவன். முதல் நாளில் அது நீங்கள் உள்ளே வந்த 25000-தான். 25100-க்குப் போனால் இன்றைய கோடு சுமார் 21 லாபம் காட்டும். அதே 25100-ல் எக்ஸ்பைரி வந்தால் 93 நஷ்டம். நடுவில் உள்ள ஒவ்வொரு நாளும் இந்தப் பிரேக் ஈவன் 25000-லிருந்து 25193-ஐ நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். முதலில் மெதுவாக, கடைசி வாரத்தில் வேகமாக.

ஆப்ஷன் விற்றிருக்கிறேன். எக்ஸ்பைரி கோட்டின்படி நிஃப்டி என் லாப எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் கணக்கில் நஷ்டம் குவிகிறது, மார்ஜின் கேட்கிறார்கள். ஏன்?

புரோக்கர் உங்களிடம் மார்ஜின் கேட்பது இன்றைய விலையை வைத்து. எக்ஸ்பைரி கோட்டை அவர் பார்ப்பதில்லை.

அதே 28 நாள், அதே 13 சதவீத ஐ.வி.யில் 25000 காலையும் புட்டையும் தலா 359-க்கு விற்று ஒரு ஷார்ட் ஸ்ட்ராடில் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தது 718. எக்ஸ்பைரியில் 24282-க்கும் 25718-க்கும் இடையே எங்கே முடிந்தாலும் லாபம். இப்போது நிஃப்டி படாரென்று 24500-க்கு இறங்குகிறது. எக்ஸ்பைரி கோடு அங்கே 218 லாபம் என்கிறது. இன்றைய கோடு 102 நஷ்டம் என்கிறது.

இத்தோடு நின்றால் பரவாயில்லை. சந்தை விழும்போது ஐ.வி. ஏறும், கிராஃப் அதை உங்களைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளாது. 24500-க்கு இறங்கியதோடு ஐ.வி.யும் 13-லிருந்து 20 ஆகிவிட்டால் நஷ்டம் 102 இல்லை, சுமார் 448. எக்ஸ்பைரி கோடு அப்போதும் அசையாமல் 218 லாபம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை. அதுவரை தாக்குப்பிடிக்க உங்களிடம் பணம் இருக்கிறதா என்பது அதன் கேள்வியே இல்லை.

ஐ.வி. 20-க்கெல்லாம் போகுமா என்று கேட்பவர்கள் 2024 ஜூன் 4-ஐ நினைத்துப்பாருங்கள். தேர்தல் முடிவு நாள். முந்தைய நாள் 3 சதவீதத்துக்கு மேல் ஏறிய நிஃப்டி, அன்று கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21884-ல் முடிந்தது. நிஃப்டி ஆப்ஷன்களின் ஐ.வி.யைக் காட்டும் குறியீடான இந்தியா விக்ஸ் அன்று 20-ஐ எளிதாகத் தாண்டியது.

ஆகவே விற்ற பொசிஷன் எதுவாக இருந்தாலும், கிராஃப் காட்டும் செயலியில் ஐ.வி.யை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விலையை இடதுபுறம் தள்ளும்போது ஐ.வி.யையும் கூடவே ஏற்றுங்கள். வலதுபுறம் போகும்போது கொஞ்சம் இறக்குங்கள். விலையை மட்டும் நகர்த்திப் பார்த்துவிட்டு ‘ரிஸ்க் தெரியும்’ என்று சொல்வதில் பொருள் இல்லை.

வாங்கியவர்களுக்கும் இந்த ஐ.வி. தொல்லை உண்டா?

உண்டு, ஆனால் எதிர்ப்பக்கமாக. நம் 25000 காலை மட்டும் தனியாக 359-க்கு வாங்கியிருந்து, நிஃப்டி அசையாமல் ஐ.வி. மட்டும் 13-லிருந்து 11 ஆனால் அதன் விலை 304. ஒரு நாளும் போகாமல், நிஃப்டி ஒரு புள்ளியும் நகராமல் 55 போச்சு. பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்புக்கு முன் கால் வாங்கியவர்கள், அறிவிப்பு முடிந்த கையோடு ‘சொன்ன திசையில்தானே போச்சு’ என்று முழிப்பது இதனால்தான்.

ஸ்ப்ரெட்டாக இருந்தால் அதே ஐ.வி. இறக்கத்தில் இழப்பு 8, 9 புள்ளிதான். ஒரு காலில் இழந்ததை இன்னொரு கால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது.

காலண்டர் ஸ்ப்ரெட்டுக்கு எக்ஸ்பைரி கோடுகூட வளைந்திருக்கிறதே?

ஏனென்றால் அங்கே எக்ஸ்பைரி ஆவது ஒரு ஆப்ஷன் மட்டும். இந்த மாத 25000 காலை 359-க்கு விற்று, அடுத்த எக்ஸ்பைரியின் 25000 காலை, 56 நாள் உள்ளதை, 508-க்கு வாங்குகிறீர்கள். செலவு 149. முதல் எக்ஸ்பைரி வரும்போது விற்றது செத்துப்போகும். வாங்கியதற்கு இன்னும் 28 நாள் உயிர் இருக்கும். அதற்கு அன்றைக்கு என்ன விலை இருக்கும் என்பதைச் செயலி ஊகித்துத்தான் போட வேண்டும்.

நிஃப்டி 25000-லேயே முடிந்து, ஐ.வி. 13-லேயே இருந்தால் அது 359, லாபம் 210. ஐ.வி. 11 ஆகிவிட்டால் 304, லாபம் 155. 10 ஆனால் 127. கூடாரம் போலத் தெரியும் அந்தக் கோட்டின் உச்சியே ஐ.வி.யோடு ஏறி இறங்குகிறது. ஆகவே புல் கால் ஸ்ப்ரெட்டில் ‘மேக்ஸ் பிராஃபிட் 307’ என்பது உறுதியான எண். காலண்டரில் ‘மேக்ஸ் பிராஃபிட் 210’ என்பது ஒரு மதிப்பீடு. செயலிகள் இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில்தான் காட்டுகின்றன.

கிராஃப்பில் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 1 முதல், செபியின் விதிப்படி, எக்ஸ்பைரி நாளன்று அன்றைக்கு முடியும் ஒப்பந்தத்துக்குக் காலண்டர் ஸ்ப்ரெட் மார்ஜின் சலுகை கிடையாது. கூடாரத்தின் உச்சியைப் பிடிக்கக் கடைசி நாள்வரை உட்கார நினைப்பவர் அந்த மார்ஜினையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இப்போதுதான் ஆர்டர் போட்டேன். இன்றைய கோடு இப்போதைய விலையில் பூஜ்யத்தைத் தொடவேண்டாமா? 40 புள்ளி மேலே நிற்கிறது.

தொட வேண்டும், அல்லது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அளவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 40 மேலே என்றால் யாரோ சும்மா 40 கொடுத்தார்கள் என்று அர்த்தமில்லை, உள்ளே போன எண் ஏதோ தப்பு.

முதலில் பார்க்க வேண்டியது விலை. செயலி கடைசியாக வர்த்தகமான விலையை எடுத்திருக்கும். தூரத்து ஸ்ட்ரைக்கில் அந்தக் கடைசி வர்த்தகம் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததாக இருக்கலாம். அந்தப் பழைய விலையிலிருந்து ஐ.வி.யைக் கணக்கிட்டால் ஐ.வி.யும் கோணலாக வரும். ஆப்ஷன் செயினைத் திறந்து, பக்கத்து ஸ்ட்ரைக்குகளின் ஐ.வி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 25400-க்கு 12.9, 25600-க்கு 12.8 என்று இருக்கும்போது நடுவில் உள்ள 25500-க்கு மட்டும் 15 காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

விலை சரியாக இருந்தால் ஃப்யூச்சர்ஸைப் பாருங்கள். நிஃப்டி ஆப்ஷன்களின் விலை நடைமுறையில் ஃப்யூச்சர்ஸை ஒட்டியே போகும். ஒரு மாதம் மீதி இருக்கையில் ஃப்யூச்சர்ஸ் பெரும்பாலும் ஸ்பாட்டைவிட நூறு புள்ளிக்குமேல் உயர்ந்திருக்கும். செயலி ஸ்பாட்டை மட்டும் வைத்து வரைந்தால் கோடு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நம் ஸ்ப்ரெட்டில் 120 புள்ளி நகர்ந்தாலே லாபக் கணக்கில் 25 புள்ளி பிழை வரும்.

வாங்கியதை விற்றதாகப் போட்டிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. கோட்டின் உருவமே தலைகீழாக இருக்கும்.

எக்ஸ்பைரி கோடு சொல்லும் ‘நிஃப்டி 25500’ என்பது 3:30 மணிக்குத் திரையில் தெரியும் விலைதானே?

இல்லை. நிஃப்டி ஆப்ஷன் தீர்வு குறியீட்டின் முடிவு விலையில் நடக்கிறது. அது கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. 3:29-க்கு ஒரே தாவலாக மேலே போனாலும் சராசரி கொஞ்சம்தான் நகரும்.

நிஃப்டியில் தீர்வு பணமாக முடிந்துவிடும். தனிப் பங்குகளின் ஆப்ஷனில் அப்படி இல்லை. பங்கையே வாங்கவோ கொடுக்கவோ வேண்டும். பங்கு விலை உங்கள் இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் முடிந்தால், வாங்கிய காலுக்கு முழு லாட் பங்குகளும் உங்கள் தலையில் வந்து விழும். எக்ஸ்பைரி கோட்டில் அந்த இடம் சாதாரணச் சரிவாகத்தான் தெரியும். பங்கு ஆப்ஷனில் அந்தப் பகுதிக்குள் கடைசி நாளைக் கடக்காமல் முன்பே முடித்துவிடுவது என் வழக்கம்.

எப்போது வெளியேறுவது என்று கிராஃப்பை வைத்து முடிவு செய்ய முடியுமா?

எப்போது என்று அது சொல்லாது. இருந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதைச் சொல்லும். தேதியை நகர்த்தும் வசதியை வைத்துப் பாருங்கள். 14 நாள் மீதி இருக்கும்போது நிஃப்டி 25500. கையில் 129. இன்னும் அதிகபட்சம் 178 கிடைக்கலாம். அதற்காக நீங்கள் பணயம் வைப்பது 193 மட்டும் இல்லை, ஏற்கெனவே வந்த 129-ம் சேர்த்து 322. திரும்பி 25250-க்கு வந்தால் 55 சொச்சம் மிஞ்சும். 25000-லேயே எக்ஸ்பைரி ஆனால் எல்லாம் போகும்.

ஸ்டாப் லாஸும் இதே மாதிரிதான். ‘நிஃப்டி 24500 வந்தால் வெளியேறுவேன்’ என்று முடிவு செய்கிறவர், எந்தத் தேதியில் என்றும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். முதல் நாளில் அது 93 நஷ்டம், இரண்டு வாரம் கழித்து 132, கடைசி வாரத்தில் போனால் கிட்டத்தட்ட முழுத் தொகை. நஷ்டத்தை 100-க்குள் நிறுத்த விரும்பினால் 24500 என்ற மட்டம் முதல் சில நாளுக்குத்தான் பொருந்தும். பிறகு அந்த மட்டத்தை மேலே ஏற்றிக்கொண்டே வர வேண்டும். 3 நாள் மீதி இருக்கும்போது நிஃப்டி 25000-லேயே நின்றால்கூட 81 போயிருக்கும். அந்தக் கட்டத்தில் ஸ்டாப் 25000-ஐ ஒட்டியே வந்துவிடும்.